‘வயசாச்சு’ன்னு ஒரே வார்த்தையில முடிக்காதீங்க

போன மாசம் எங்க ஊர்ல ஒரு கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தது சென்னையில இருந்து வந்த சொந்தக்காரத் தம்பி ஒருத்தர். இந்தப் பக்கத்தையும் படிக்கிறவர். "அண்ணா, நீங்கதான் எங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன். ஒரு காலை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா பண்ணையம் பண்றீங்க"ன்னார். நானும் சிரிச்சு வெச்சேன். சாப்பிட்டு முடிஞ்சு எந்திரிக்கலாம்னு பார்த்தா முடியல. பெஞ்சில கையை ஊனி ரெண்டு தடவை முயற்சி பண்ணினேன். அப்புறம் அதே தம்பியும் இன்னொருத்தரும் அக்குள்ல கை குடுத்துத் தூக்கி விட்டாங்க. அவர் என்னைத் தேத்துறதா நெனச்சு, "வயசாகுதுல்லங்ண்ணா, எல்லாருக்கும் வர்றதுதான்"னு சொன்னார்.

ஒரே பந்தியில அவர் சொன்ன அந்த ரெண்டு வார்த்தையுமே தப்பு. அது மட்டுமில்ல, முதல் வார்த்தையாலதான் ரெண்டாவது தப்பே நடக்குது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கோபத்தோட எழுதறேன், பொறுத்துக்கங்க.

எனக்குப் போலியோ வந்தது 1971-ல, ரெண்டு வயசுல. காய்ச்சல்னு டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி ஊசி போட்டாங்களாம். மறுநா காலையில இடது கால் தொங்கிப் போச்சுன்னு ஆத்தா கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி அழும். என் வயசுக்காரங்க எந்த ஊர்ல இருந்தாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்லுவாங்க. காலிபர் ஒண்ணு குடுத்தாங்க. இரும்புக் கம்பியும் தோல் பூட்ஸும் சேர்ந்து அத்தனை கனம். சேத்துக்குள்ள அதைப் போட்டுட்டு எங்க போறது? பத்து வயசுல கழட்டிப் பரண்ல வீசிட்டு, இடது கையைத் தொடை மேல ஊனி அமுக்கி நடக்கப் பழகிட்டேன். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் நடக்கிறது அப்படித்தான். முழங்காலை நேரா நிறுத்துற தசையில பலம் கிடையாது, அதனால கையாலயே முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கிறோம். அந்த நடையிலயே வரப்புல ஓடினேன், வாய்க்கால் தாண்டினேன், மஞ்சள் வெட்டினேன், ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை நாப்பது வருஷம் பார்த்தேன்.

நாப்பத்தொன்பது வயசு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அப்புறம் ஒண்ணு ஒண்ணா வந்துச்சு. முதல்ல வந்தது அசதி, அதுவும் சாதாரண அசதி இல்ல. மத்தியானம் ஒரு மணிக்கு யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி உடம்பு நின்னுரும். அடுத்து வலி. ஊனி ஊனி நடந்த இடது மணிக்கட்டுலயும் தோள்பட்டையிலயும், பின்னுக்கு வளைஞ்சு போன முழங்காலுக்குப் பின்னாலயும். மூணாவதாத்தான் நான் பயந்து போன விஷயம் வந்துச்சு. என்னோட "நல்ல" கால், அந்த வலது கால், படி ஏறும்போது நடுங்க ஆரம்பிச்சுது. அம்பது வருஷம் என்னைத் தாங்கின காலுங்க அது.

டவுன்ல ஒரு டாக்டர்ட்ட போனேன். பேரு வேண்டாம். எக்ஸ்ரே பார்த்துட்டு, "தேய்மானம், வயசாச்சு, வெயிட்டைக் குறைங்க"ன்னு வலி மாத்திரை எழுதிக் குடுத்தார். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பிருச்சு. இன்னொரு இடத்துல "தசை சோர்ந்து போச்சு, உடற்பயிற்சி பண்ணினாத்தான் பலம் வரும்"னு கணுக்கால்ல ரெண்டு கிலோ மணல் மூட்டையைக் கட்டி, காலையில முப்பது, சாயங்காலம் முப்பதுன்னு தூக்கச் சொன்னாங்க. நான் சொன்னதைச் செய்யற ஆளு. சின்ன வயசுல இருந்தே "முயற்சி பண்ணு, முயற்சி பண்ணு"ன்னு கேட்டு வளர்ந்த உடம்பாச்சே. அம்பது அம்பதாத் தூக்கினேன். மூணு வாரத்துல, அதுவரைக்கும் ஏறிட்டிருந்த வீட்டுத் திண்ணைப்படியை ஏற முடியல. மூட்டையை அவிழ்த்துப் போட்டும் போன பலம் முழுசா வரல.

ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சேன். கடைசியில ஒரு மறுவாழ்வு மருத்துவர்தான், வயசுல என் மகளை விடக் கொஞ்சம் பெரியவங்க, என்னை உட்கார வெச்சு முழுக் கதையும் கேட்டாங்க. "உங்களுக்குப் பழைய போலியோவோட பின்விளைவு இதுங்க. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்னு சொல்லுவோம். வைரஸ் திரும்பி வரல. இது யாருக்கும் தொத்தவும் தொத்தாது. ஆனா இது வெறும் வயசும் இல்ல"ன்னாங்க. அவங்க சொன்னதை நான் தோட்டத்து பாஷையில சொல்றேன். நகரத்துல இருக்கற உங்களுக்கும் புரியும்.

தசையைத் தானா இயக்கிக்க முடியாது. தண்டுவடத்துல இருக்கற நரம்பணுதான் அதை ஓட்டுது. அதுக்குப் பேரே மோட்டார் நியூரான். ஒவ்வொரு நரம்பணுவும் தன் பங்குக்கு இத்தனை தசைநார்னு வெச்சுக்கிட்டு ஓட்டும். போலியோ வைரஸ் தாக்குறது தசையை இல்ல, இந்த மோட்டாருங்களை. ஒரு வாய்க்கால் ஓரமா பத்து மோட்டார் இருந்து, ஒரே ராத்திரியில ஆறு எரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்கங்க. அந்த ஆறு மோட்டாரோட காடும் காயணும். ஆனா மிச்சம் இருக்கற நாலும் புதுசா பைப் இழுத்துப் பக்கத்துக் காட்டுக்கும் தண்ணி விடுது. உடம்பு செய்யறது சரியா இதைத்தான். பிழைச்ச நரம்பணு புதுக் கிளை விட்டு, அனாதையான தசைநார்களையும் தன்னோட சேர்த்துக்குது. அப்படித்தான் போலியோ வந்த குழந்தை ரெண்டு மூணு வருஷத்துல எந்திரிச்சு நடக்குது. ஊரே "சாமி காப்பாத்திருச்சு"ன்னு சொல்லுது.

ஆனா ரெண்டு ஏக்கருக்குன்னு வாங்கின மோட்டாரை ஆறு ஏக்கருக்கு ஓட்டினா எத்தனை நாள் தாங்கும்? நாப்பது வருஷம் தாங்கினதே பெருசு. அதுக்கப்புறம் தூரத்துப் பைப்புல தண்ணி வர்றது நின்னு போகும், காயில் சூடாகும், ஒண்ணொண்ணா நின்னு போகும். மருத்துவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கற விளக்கம் இதுதான். நல்ல கால் ஏன் நடுங்குதுங்கறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. ஒரு தசைக்குப் போற நரம்பணுவுல பாதி செத்தாலும் வெளியில ஒண்ணும் தெரியாதாம். பார்க்கறதுக்கு நல்ல தசையாவே இருக்கும். என் வலது காலும் 1971-லயே அடி வாங்கினதுதான். அது நல்ல காலே இல்ல. அடியை மறைச்சுக்கிட்டு ரெண்டு கால் வேலையைச் செஞ்ச கால்.

இதைக் கண்டுபிடிக்கறதுக்குத் தனியா ஒரு ரத்தப் பரிசோதனை இல்ல. ஒண்ணொண்ணா விலக்கித்தான் வரணும். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை, முதுகெலும்புல நரம்பு நசுங்கறது, இது எதுவும் காரணம் இல்லன்னு பார்க்கணும். பழைய போலியோ இருக்கணும், நடுவுல குறைஞ்சது பதினஞ்சு வருஷமாவது மாறாம நல்லா இருந்திருக்கணும், அப்புறம் வந்த பலவீனம் ஒரு வருஷத்துக்கு மேல நீடிக்கணும். நரம்புக்கும் தசைக்கும் ஊசி வெச்சுப் பார்க்கற சோதனையில பழைய சேதம் தெரியும். இத்தனையும் பண்ண ஒரு டாக்டருக்கு நேரமும் வேணும், போலியோவைப் பார்த்த அனுபவமும் வேணும். இப்ப நாப்பது வயசுல இருக்கற டாக்டர்கள்ல நிறையப் பேர் புதுசா போலியோ வந்த குழந்தையைக் கண்ணாலயே பார்த்திருக்க மாட்டாங்க. அது நாட்டுக்கு நல்லது, ஆனா எங்களுக்குக் கஷ்டம்.

மருந்து இருக்கான்னு கேட்டேன். "குணப்படுத்தற மருந்து இல்லைங்க. மெதுவாத்தான் போகும், உயிருக்கு ஆபத்துன்னு பொதுவா சொல்ல முடியாது. ஆனா இருக்கற மோட்டாரை எரிச்சுடாமப் பார்த்துக்கறது உங்க கையிலதான் இருக்கு"ன்னாங்க. களைச்ச பிறகு ஓய்வெடுக்கக் கூடாதாம், களைக்கறதுக்கு முன்னாடியே எடுக்கணுமாம். இன்னிக்குச் செஞ்ச வேலையோட வலி நாளைக்குக் காலையிலும் இருந்தா, நேத்து செஞ்சது அதிகம்னு அர்த்தம். சும்மா படுத்துக் கிடந்தாலும் தசை போயிரும், அதனால பலம் இருக்கற தசைக்கு லேசான பயிற்சி உண்டு. ரொம்ப பலவீனமான தசையில பாரம் கட்டித் தூக்கவே கூடாது. குளிர் ஆகாது. மார்கழியில கால் நீலம் பாரிச்சுப் போறதும் இதனாலதான். வேற எதுக்காவது ஆபரேஷன்னு போனா, மயக்க மருந்து குடுக்கறவர்ட்ட போலியோ வந்த உடம்புன்னு முதல்லயே சொல்லணும், சில மருந்துகள் எங்களுக்கு அதிகமா வேலை செய்யும். கீழே விழாமப் பார்த்துக்கணும், ஏன்னா போலியோக் கால்ல எலும்பும் மெலிசு. அது உடைஞ்சு மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் படுத்தா, எலும்பு கூடினாலும் நடை திரும்பி வராமப் போயிடலாம்.

இப்ப அந்தக் கல்யாணப் பந்திக்குத் திரும்பி வர்றேன்.

"இன்ஸ்பிரேஷன்"ங்கற வார்த்தை மேல எனக்கு ஏன் கோபம்னு இப்ப புரிஞ்சிருக்கும். எங்க தலைமுறைக்குச் சின்ன வயசுல இருந்து எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு. ஊனத்தைக் காட்டாதே, மத்தவன் ஒரு மூட்டை தூக்கினா நீ ரெண்டு தூக்கிக் காட்டு. வாத்தியார் சொன்னார், அப்பன் சொன்னார், ரேடியோ சொல்லுச்சு. இப்ப அதையே நீங்க வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பறீங்க. ஒத்தக் கால்ல மலை ஏறுறவர், கையில்லாம நீச்சல் அடிக்கறவர். அவங்களை நான் குறை சொல்லல. ஆனா உடம்புல மிச்சம் இருக்கற மோட்டாரை யார் அதிகமா ஓட்டறானோ அவனுக்குக் கைதட்டுறது ஒரு ஊர் வழக்கமாவே ஆயிட்டா, அவன் எப்ப நிறுத்துவான்? நான் காலிபரைக் கழட்டி வீசினப்ப ஊரே பாராட்டுச்சு. இன்னிக்கு என் மணிக்கட்டும் தோளும் முழங்காலும் அதுக்கு வட்டி கட்டிட்டிருக்கு. காலிபர் போட்டு நடந்திருந்தா முழங்கால் இப்படிப் பின்னுக்கு வளைஞ்சிருக்காதுன்னு அந்த டாக்டர் அம்மா சொன்னப்ப எனக்குப் பதில் பேச வாய் வரல.

அடுத்தது அரசாங்கம். என் கையில ஒரு ஊனச் சான்றிதழ் இருக்கு. இருபது வருஷம் முன்னாடி வாங்கினது. அதுல "நிரந்தரம்"னு இருக்கு. நிரந்தரம்னா என்ன அர்த்தம் தெரியுங்களா? ஊனத்தோட அளவு காலப்போக்குல மாற வாய்ப்பே இல்லாதவங்களுக்குத்தான் நிரந்தரச் சான்றிதழ்னு விதியே சொல்லுது. அதாவது போலியோ வந்தவனுக்கு ரெண்டு வயசுல என்னவோ அதுவேதான் எழுபது வயசிலயும்னு ஒரு கணக்கு. கடன் பாக்கிக்கு வருஷா வருஷம் வட்டி ஏத்தத் தெரிஞ்சவங்களுக்கு, காலுக்கும் வட்டி ஏறும்னு தெரியல. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட பட்டியல்ல இருபத்தொரு வகை இருக்கு. அதுல போலியோங்கற பேரே கிடையாது. இயக்கக் குறைபாடுங்கற பொதுத் தலைப்புல எங்களை அடக்கிட்டாங்க. அதுல அடக்கினது கூடப் பரவாயில்லைங்க, ஒரு தடவை அளந்துட்டு அப்படியே விட்டுட்டாங்கங்கறதுதான் என் புகார்.

அளக்கற முறையையும் பாருங்க. படுக்க வெச்சு, "காலைத் தூக்குங்க, அமுக்குங்க"ம்பாங்க. டாக்டர் கையால எதிர்த்துத் தள்ளுவார். அஞ்சுக்கு எத்தனைன்னு மார்க் போடுவார். ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவை நானும் தள்ளிடுவேன், இப்பவும் தள்ளுவேன். பத்தாவது தடவைதான் கால் விழும். மதியம் ஒரு மணிக்குத்தான் விழும். பழைய மோட்டார் வாங்கப் போறவன் அரை நிமிஷம் ஓட்டிப் பார்த்துட்டா காசு குடுப்பான்? ஒரு மணி நேரம் ஓட விட்டு, தொட்டுச் சூடு பார்த்துட்டுத்தான் பேசுவான். மனுஷனுக்கு மட்டும் அரை நிமிஷம் போதுமாம். மறு மதிப்பீட்டுக்கு நான் மனு குடுத்தப்ப, "ஏங்க, ஏற்கனவே நிரந்தரம்னு இருக்கு, அப்புறம் எதுக்கு?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நான் ஏதோ ஏமாத்த வந்தவன் மாதிரி.

அதே சட்டத்துல 38-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. நாப்பது சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம்னு சான்று இருக்கற எவரும், தனக்கு அதிக ஆதரவு தேவைன்னு நெனச்சா அதுக்குன்னு நியமிச்ச அலுவலர்ட்ட விண்ணப்பிக்கலாம். ஒரு குழு பார்த்து, என்ன உதவி, எவ்வளவு நேரம்னு முடிவு பண்ணணும். படிக்க நல்லா இருக்கு. எங்க பக்கத்துல நான் விசாரிச்ச மூணு ஆபீஸ்ல அந்த விண்ணப்பம் எங்க குடுக்கணும்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. ஸ்கூட்டர் வேணுமா, தையல் மிஷின் வேணுமான்னுதான் கேட்டாங்க. பொருள் குடுக்கறது தப்பில்ல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக ஒருத்தர் கை வேணும்னா தையல் மிஷின் வருமா?

இதுக்கு ஒரு எதிர்வாதம் வரும். "போலியோதான் ஒழிஞ்சு போச்சே, இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்தப் பிரச்னையே இருக்காது, இதுக்குப் போயி தனி ஏற்பாடு எதுக்கு?"ன்னு. படிச்சவங்களே சொல்றாங்க. ஒழிஞ்சது உண்மைதான். இந்தியாவில கடைசியா போலியோ பதிவானது 2011 ஜனவரி 13, ஹவுராவில ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச்சில நாடு போலியோ இல்லாததுன்னு சான்று வாங்கினோம். சொட்டு மருந்து குடுத்த அத்தனை பேர் கையையும் கும்பிடறேன். ஆனா அந்தக் கடைசிக் குழந்தைக்கு என் வயசு ஆகறது 2060-களில. அதுக்கு முன்னாடி பொறந்த எழுபது, எண்பது, தொண்ணூறுகளோட குழந்தைங்க எல்லாம் இப்பத்தான் வரிசையா இந்த வாசலுக்கு வர்றாங்க. நோய்தான் ஒழிஞ்சுது, நாங்க ஒழியல.

சரி, திட்டிட்டே இருந்தா ஆச்சா, நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. போன தை மாசம் நானும் வீட்டுக்காரியும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அதைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல்ல ஒரு வாரம் என் நடையை எண்ணினேன். வீட்டுல இருந்து கட்டுத்தரைக்கு 140 எட்டு. ஒரு நாளைக்குப் போக வர அஞ்சு தடவை. அதுவே 1400 எட்டு. கிணத்து மேட்டுக்கு மோட்டார் போட ரெண்டு தடவை, மேடு வேற. எண்ணிப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது, பலம் முக்கால்வாசி வேலைக்குப் போகல, நடைக்குப் போகுது. மூணு மாட்டுல ரெண்டை வித்தோம். மிச்சம் ஒண்ணை வீட்டை ஒட்டின கொட்டாய்க்குக் கொண்டு வந்தோம். மோட்டாருக்கு ஃபோன்ல போட்டு அணைக்கற ஸ்டார்ட்டர் மாட்டினோம். நெல்லை விட்டுட்டோம். சேத்துல கால் வெக்கறது இனி ஆகாது. அந்த முடிவு சுலபமா வரல. எங்க அப்பன் நட்ட வயல்ல நான் நெல்லு விடலைங்கறதை இன்னும் என்னால சத்தமாச் சொல்ல முடியல. தென்னையும் தீவனப்புல்லும்தான் இப்ப.

அடுத்தது வீடு. எங்க வீட்டு வாசல் தரையில இருந்து ஒன்றரை அடி உயரம். சாய்தளம் போட்டா ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும்னு அளவு. அப்ப ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. கொத்தனார், "எதுக்குங்க அத்தனை, ஆறு அடியில முடிச்சறலாம்"னார். ஓட்டுச்சாவடியில போடற மாதிரி. அந்தச் சாய்தளத்துல மாட்டைக் கூட ஏத்த முடியாது, சக்கர நாற்காலியைத் தன் கையால உருட்டி எவன் ஏறுவான்? சண்டை போட்டுப் பதினெட்டு அடி போட்டேன். கக்கூஸ் கதவு ரெண்டடி அகலம் இருந்துச்சு, மூணடியாக்கினோம். குத்த வெக்கற பீங்கானை எடுத்துட்டு உட்கார்ற மாதிரி மாத்தி, சுவத்துல ரெண்டு பக்கமும் கம்பி பதிச்சோம். வேலை நடக்கறப்ப வர்றவங்க எல்லாம், "ஏனுங்க, நல்லாத்தான நடக்கறீங்க, இப்பவே எதுக்கு?"ன்னு கேட்டாங்க. நடக்கறப்பவே பண்ணினாத்தான் பண்ண முடியும். விழுந்து இடுப்பு ஒடைஞ்ச பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டா, வேலை முடியறவரைக்கும் நான் எங்க போறது?

மறுபடியும் காலிபர் போட ஆரம்பிச்சேன். இப்ப பிளாஸ்டிக்ல கனமில்லாமக் கிடைக்குது. அம்பத்தஞ்சு வயசுல, பத்து வயசுல வீசினதைத் திரும்பக் கட்டறதுக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு. தூரத்துக்குப் போக சக்கர நாற்காலியும் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். அதுல உட்கார்றது தோத்துப் போறதுன்னு ரொம்ப நாள் நெனச்சேன். சந்தையில ரெண்டு மணி நேரம் அதுல உட்கார்ந்து வந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் பேத்தியோட உட்கார்ந்து பேச உடம்புல தெம்பு மிச்சம் இருந்துச்சு. அதோட அந்த எண்ணம் போச்சு.

கணக்குல கடைசியா ஒரு வரி மிச்சம். அதுக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் விடை கிடைக்கல. என்னைத் தூக்கப் போறது யாரு? வீட்டுக்காரிக்கு அம்பத்திரெண்டு. அவளுக்கும் முட்டி வலி. "நான் இருக்கறேனுங்க"ன்னா. "நீ இருப்ப அம்மிணி, உன் முட்டி இருக்குமா?"ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்புறம் ரொம்ப நேரம் பேசல. மகன் திருப்பூர்ல கம்பெனி வேலை. மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. மகன், "அங்க வந்திருங்கப்பா"ங்கறான். அவன் இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரெண்டு பேரையும் கூப்பிட்டு வெச்சு, இன்னும் அஞ்சு வருஷத்துல, பத்து வருஷத்துல என்ன நடக்கலாம்னு உள்ளதை உள்ளபடி சொன்னேன். தென்னை வருமானத்துல மாசம் ஒரு தொகை தனியா எடுத்து வெக்கறோம், ஆள் வெச்சுக்க வேண்டி வந்தா அதுக்குன்னு. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருத்தர், காலையும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் வர்றேன்னு ஒத்துக்கிட்டிருக்கார், சம்பளத்துக்குத்தான். தர்மத்துக்கு வேண்டாம்னு நான்தான் சொன்னேன். எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கறதால இந்தக் கணக்காவது போட முடிஞ்சுது. நிலமும் இல்லாம, கல்யாணமும் ஆகாம, அண்ணன் வீட்டுத் திண்ணையில இருக்கற போலியோக்காரப் பொண்ணுங்க எங்க சுத்துப்பட்டுலயே இருக்காங்க. அந்த அண்ணனுக்கும் வயசாகுது. அவங்க எந்தக் கணக்கைப் போடுவாங்க?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லைங்க. போலியோன்னு சான்றிதழ் இருக்கற ஒவ்வொருத்தரையும் நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு தடவை கூப்பிட்டு முழுசாப் பாருங்க. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. ஆள் யாருன்னு தேட வேண்டியதில்ல, அடையாள அட்டைப் பட்டியல் அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. அந்த 38-வது பிரிவு விண்ணப்பத்தை எங்க குடுக்கணும்னு ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் சுவத்துலயும் எழுதி ஒட்டுங்க. "நிரந்தரம்"ங்கற வார்த்தையை எடுத்துடுங்க.

உங்ககிட்டக் கேக்கறதும் சின்னதுதான். உங்க குடும்பத்துலயும் போலியோ வந்த சித்தப்பாவோ அத்தையோ இருப்பாங்க. அவங்க "முன்ன மாதிரி முடியல"ன்னு சொன்னா, "வயசாச்சு"ன்னு சொல்லாதீங்க. எப்ப இருந்து முடியல, எது முடியல, எந்தக் கால்னு கேளுங்க. கேட்டுட்டு, போலியோ தெரிஞ்ச ஒரு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போங்க. மணல் மூட்டையைக் கட்ட விட்டுடாதீங்க.

அந்தச் சென்னைத் தம்பி இதைப் படிப்பார்னு தெரியும். கோவிச்சுக்காதீங்க தம்பி. அடுத்த தடவை வர்றப்ப பதினெட்டு அடி சாய்தளத்தைப் பார்த்துட்டுப் போங்க.